மூன்றில் இரண்டு பங்கு எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் தோல் பதனிடும் தொழிற்சாலையில், 25 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டரின் மூன்று அலகுகளையும் டெல்டாவிலிருந்து ஸ்டாருக்கு மாற்றிய நாள்முதல் பவர் ஃபாக்டர் இறங்கிவிட்டதே, ஏன்?
– ஒரு வாசகர், பேகம்பூர்

பதில்: மூன்று அலகுகளும் பெட்டிக்குள்ளேயே இருக்க, இரண்டை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போனதற்குச் சமமான காரியம் அங்கே நடந்திருக்கிறது. டெல்டாவில் ஒவ்வொரு அலகும் இரண்டு பேஸ்களுக்கிடையே நின்று 415 வோல்ட் முழுவதையும் ஏற்கும். ஸ்டாரிலோ அதற்குக் கிட்டுவது 240 வோல்ட்தான். கெபாசிட்டரின் பலன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 25 என்பது எட்டேகாலுக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடுகிறது. டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டிப் பாருங்கள்: முன்பு 35 ஆம்பியர் காட்டிய இடத்தில் இப்போது 12 ஆம்பியருக்குள்தான் காட்டும்.

டெல்டாவில் அலகுக்கு 154 மைக்ரோஃபாரட் போதுமென்றால், அதே பலனை ஸ்டாரில் பெற 462 வேண்டும். அதனால் பெட்டியும் மும்மடங்காகிவிடாது. வோல்டேஜ் குறையக் குறைய உள்ளிருக்கும் பிளாஸ்டிக் படலத்தையும் மெல்லியதாக்கலாம். ஆனால் அதை ஓரளவுக்குமேல் மெல்லியதாக்க இயலாதாகையால், 415 வோல்ட்டில் டெல்டாவே சிக்கனம். 11,000 வோல்ட் துணைமின் நிலையங்களில், ஒவ்வோர் அலகின்மீதும் விழும் வோல்டேஜைக் குறைப்பதே பிரதானமாதலால், பெரும்பாலும் ஸ்டாரையே அனுசரிக்கிறார்கள்.

240 வோல்ட்டுக்குச் செய்த அலகுகளை மட்டும் டெல்டாவில் இணைத்துவிடாதீர்கள். அவை உப்பி வெடிக்கும்.