காய்ச்சல்காரி புடவை

கேள்வி: நான் நல்ல கறுப்பு. உயரம் 5 அடி. "இப்ப இதுதாம்மா ஃபேஷன்" என்று மகள் வெளிர் ரோஜா நிறப் புடவை வாங்கித் தந்தாள். கட்டினால், காய்ச்சலில் படுத்து எழுந்தவள் மாதிரி இருக்கிறேன். கறுப்புக்கு வெளிர் நிறம் ஆகாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆகும். உங்கள் புடவை சாம்பல் கலந்த ரோஜாவாக இருக்கும். அந்தச் சாம்பல்தான் முகத்தில் ஏறுகிறது. அதே வெளிரில் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளைப் போட்டுப் பாருங்கள், முகம் தெளியும்.

கடை விளக்கை நம்பாதீர்கள். அது முதலாளியின் ஆள். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, முந்தானையை மோவாய்க்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள், புடவையை அல்ல. கண்ணுக்குக் கீழே கருமை கூடி, உதடு வெளுத்தால் மடித்துக் கொடுத்துவிடலாம்.

வாங்கியதை என்ன செய்வது? முகத்தை ஒட்டி இருப்பது ரவிக்கைதான். அரக்குச் சிவப்பில் ஒன்று தைத்துப் போடுங்கள், பாதிக் காய்ச்சல் இறங்கும். கை முடியும் இடத்தில்தான் பார்வை நிற்கும் என்பதால், புஜத்தின் பருத்த பகுதியில் முடிக்காமல் முழங்கைக்குச் சற்று மேல்வரை இறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை 10 அங்குல பார்டரை மகள் காட்டுவாள். 5 அடி உயரத்தை அது குறுக்கே வெட்டிக் குட்டையாக்கும். 2 அங்குலம், புடவை உடலின் நிறத்திலேயே பார்டர், போதும். பெரிய பார்டரை உயரமான மருமகள் வந்தால் கட்டட்டும்.