நான்கு கட்டம் போட்டேன்

முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு திருத்த ஒன்றும் கிடைக்காமல், மளிகைக்கடைச் சீட்டில் ‘உளுந்து’க்கு ளகரம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மாடிவீட்டுக்குப் புனேக்காரப் பெண் ஒருத்தி குடிவந்தாள். தஞ்சாவூரில் வங்கி வேலை. “அங்கிள், டமில் சொல்லிக்குடுங்க” என்றாள். தமிழ் என்று சொல்லவில்லை, டமில் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்நாள் பூரா காத்திருந்த பிழை!

அன்று ராத்திரியே கைப்பேசியில் அட்டவணை தயார். நான்கு கட்டம்: தமிழ்ச் சொல், ஆங்கிலப் பொருள், ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, எடுத்துக்காட்டு வாக்கியம். நூறு சொல். உச்சரிப்புக்கு யாரைக் கேட்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத்தான். 1924-இல் வெளிவரத் தொடங்கிய அந்தப் பேரகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ரோமன் எழுத்து இருக்கும். ளகரத்துக்கு l-இன் அடியில் ஒரு புள்ளி, ழகரத்துக்கு அடியில் ஒரு கோடு, நெடிலுக்குத் தலையில் ஒரு கோடு. என் கைப்பேசியில் புள்ளியும் வரவில்லை, கோடும் வரவில்லை. வராவிட்டால் போகிறது, எழுத்துதான் இருக்கிறதே என்று விட்டேன். அச்சகத்தில் வேறொருவன் இப்படிச் செய்திருந்தால் காகிதத்தை அவன் மேசையில் வீசியிருப்பேன்.

முதல் வாரமே பழக்கடைக்குப் போய் “ஒரு டஜன் பாலம்” என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் மேம்பாலத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார். அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். பழம் palam, பலம் palam, பாலம் palam. பள்ளியும் பல்லியும்கூட ஒரே palli. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நான்கைந்து எழுத்தை வைத்துக்கொண்டு அவள் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சொல்லலாம். நானே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, ஊரோடு ஒத்துப்போவோம் என்று ழகரம் எல்லாவற்றையும் zh ஆக்கினேன். மறுநாள் “வாஜைப்பஜம்” என்றாள். மராத்திக்காரர்கள் தங்கள் ஜகர எழுத்து ஒன்றுக்கு zh போடுவது உண்டாம். நமக்கு நாமே வைத்துக்கொண்ட குறியீடு வெளியூர்க்காரருக்கு எப்படிப் புரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லெக்சிகனைப் பார்த்து எழுதியதில் இன்னொரு கோளாறும் இருந்தது. அது எழுத்துக்கு எழுத்து மாற்றுமே தவிர, ஒலியைச் சொல்லாது. மகன் என்பதற்கு அதில் k-தான் இருக்கும். வாயில் வருவதோ g-க்கும் h-க்கும் நடுவே எங்கோ. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லினம் வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்தை அடுத்தோ இரண்டு உயிருக்கு நடுவிலோ வந்தால் இளகிவிடும். இந்த ஒரு விதியை முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நான் ‘உச்சரிப்பு’ என்று தலைப்புப் போட்டு, எழுத்துப்பெயர்ப்பை அதற்குக் கீழே அடுக்கிவிட்டேன். அவள் மகனை “மக்கன்” என்றாள், தம்பியைப் பகரம் அழுத்தித் “தம்ப்பி” என்றாள். நான் “காது கொடுத்துக் கேளும்மா” என்று கடிந்துகொண்டேன்.

ஆங்கிலப் பொருள் கட்டத்தின் யோக்கியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சனிக்கிழமை மாலை அவள் மாடிப்படியில் நின்று, என் மனைவியிடம் வெகு தெளிவாக, “நாளைக்கு நாம சினிமாவுக்குப் போறோம்” என்றாள். மனைவி பட்டுப்புடவை எடுத்தாள். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மதியம் இரண்டரைக்கு மல்லிகைப்பூ சகிதம் படியடியில் நின்றோம். அவளும் அவள் வங்கித் தோழியும் இறங்கி வந்தார்கள். ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள். “பை அங்கிள், பை ஆன்ட்டி” என்று போய்விட்டார்கள்.

“ஏங்க, அந்தப் பொண்ணு நம்மையும் சேர்த்துத்தானே சொன்னா?” என்று கேட்டாள் மனைவி. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் வெளியே. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே ‘வீ’. என் அட்டவணையில் முப்பத்தேழாவது வரியிலும் முப்பத்தெட்டாவது வரியிலும் அந்த ஒரே ‘வீ’தான் உட்கார்ந்திருந்தது.

அடுத்த நாள் அவளை உட்கார வைத்து, தமிழுக்கே உரிய நுட்பம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஓ, ஆம்ஹி, ஆபண்!” என்றாள். மராத்தியிலும் இரண்டு இருக்கிறது. ஆம்ஹி என்றால் நாங்கள், ஆபண் என்றால் நாம். போகிற போக்கில், “ளவும் எங்ககிட்ட இருக்கு அங்கிள். ட, த, ண எல்லாம் இருக்கு” என்றாள். போன வாரம் அவளுக்கு ளகரம் சொல்லித்தர நாக்கை மடித்துக் காட்டி எச்சில் தெறிக்க ஒரு மணிநேரம் உழைத்திருந்தேன். மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

பெரிய கோயிலில் 1803-இல் வெட்டிய மராத்திக் கல்வெட்டு இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மராத்திக்காரிக்கு இங்கிலீஷ் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்ததையெல்லாம் நடுவில் நின்ற தரகர் சாப்பிட்டுவிட்டார். தரகரைக் கூட்டிவந்ததும் நானே.

நான்காவது கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ‘எனக்கு இரண்டு பொட்டலம் பால் வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். அவள் அதை அப்படியே ஒப்பிக்க, பால்கடைப் பையன் ஒரு நிமிஷம் வானொலி எங்கே பாடுகிறது என்று தேடினானாம். அந்த வரியை இப்போது ‘ரெண்டு பாக்கெட் பால் குடுங்க’ என்று திருத்தியிருக்கிறாள். நான் திருத்தவில்லை, அவளே செய்துகொண்டாள்.

அதோடு நிற்கவில்லை. நான் அச்செடுத்துக் கொடுத்திருந்த தாளில் ரோமன் கட்டத்தை மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் தன் தேவநாகரியில் எழுதிக்கொண்டாள். ழகரத்துக்கு அவள் வாயில் ளகரம்தான் வருகிறது. வாளைப்பளம் என்கிறாள், எங்கள் தெருப் பழக்கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார் என்பதால் வியாபாரத்துக்குப் பங்கமில்லை. ஓர் இடத்தில்தான் தேவநாகரியும் கைவிட்டது. மராத்தியில் குறில் எகரமும் ஒகரமும் தனியாக இல்லை. பெட்டி எங்கே என்பதற்குப் “பேட்டி எங்கே” என்றாள். சாவியைக் கொடுங்க என்பதற்குக் “கோடுங்க”. நான் திருத்தத் திருத்த, யோசித்து, குறில் வரும் இடத்திலெல்லாம் எழுத்தின் தலையில் ஒரு சின்னப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் தந்த பிறகுதான் அந்தப் புள்ளி வழக்கொழிந்தது. இதை அவளுக்குச் சொல்லாமல் விட முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

அவள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு முதல் கட்டத்தில், என் சொந்தத் தமிழ்க் கட்டத்தில், ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். “அங்கிள், கடை போர்டுல இங்க இன்னொரு ப் இருக்கு. உங்க டேபிள்ல இல்ல.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ‘வாழைபழம்’.