நன்றி: கூகுள்

கருத்தரங்கில் ஸ்லைடு மாறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில். கீழே பொடி எழுத்தில் ‘நன்றி: கூகுள்’. கூகுளார் எப்போது கேமராவும் கையுமாகத் தஞ்சாவூர் வெயிலில் நின்றாரோ! அடுத்து நெல்வயல். குறுக்கே, படம் விற்கும் தளத்தின் வாட்டர்மார்க். அதையே நன்றி நவிலலாகக் கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நன்றி சொன்னதும் உரிமை வந்துவிடாது, உரிமம் வேண்டும். விக்கிமீடியா காமன்ஸில் CC BY 4.0 உரிமத்தில் கிடைக்கும் படத்துக்கு ஒரே வரி போதும்: படத்தின் பெயர், எடுத்தவர் பெயர், மூலப்பக்க இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும். ஓரத்தை நறுக்கியிருந்தால் ‘நறுக்கப்பட்டது’ என்றும் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த வரியைத் தளமே தயாரித்துத் தருகிறது. நாம் காப்பியடித்தால் போதும். அதில் நமக்கில்லாத அனுபவமா?