பாடக்குறிப்பு: எல்லோருக்கும் ஒரே படிவம்

மூன்று ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்குப் பொதுப் பாடக்குறிப்புப் படிவம் ஒன்று வந்தால், முதலில் நிரம்புவது ‘துணைக்கருவி’ கட்டம்தான். கரும்பலகை, சுண்ணக்கட்டி. பின்னமானாலும் தாவரமானாலும் அதேதான். ‘மதிப்பீடு’ கட்டத்தில் ‘மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்’ என்று வகுப்புக்கு முந்தின இரவே எழுதியாகிவிடும். ஜோசியம் தெரிந்த ஆசிரியர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

நான்கு கட்டம் போதும். ஒவ்வொன்றின் கீழும் என்ன எழுத வேண்டும் என்று ஒரு வரி விளக்கம். அதற்கு மேல் இடமே விடக்கூடாது. இடம் விட்டால் கையெழுத்து பெரிதாகுமே தவிர, விஷயம் பெரிதாகாது.

நான்காம் வகுப்புப் பின்னத்தை எடுத்துக்கொள்வோம். ‘கற்றல் விளைவு’: பின்னத்தை அறிவர் என்றல்ல, அறிந்ததை யார் கண்டது? ‘காகிதத்தை மடித்து, 1/2, 1/4 இரண்டில் எது பெரிது என்று காட்டுவர்.’ ‘தடுக்கும் இடம்’: நான்கு இரண்டைவிடப் பெரியது, ஆகவே 1/4தான் பெரியது என்பார்கள். ‘செயல்பாடு’: ஒரே அளவில் இரண்டு தாள், அளவு மாறினால் பாடமே கவிழும். ‘கடைசிக் கேள்வி’: 1/3, 1/8 இரண்டில் எது பெரிது, ஏன்? ‘ஏன்’ இல்லாவிட்டால் பாதிப் பேர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இத்தனையும் அரைப் பக்கத்தில் அடங்கும். ஆய்வுக்கு வருபவர், “மீதி எங்கே சார்?” என்பார். அவருக்கென்று ‘மேலொப்பம்’ என ஐந்தாவது கட்டம் ஒன்றைப் பெரிதாகவே போட்டுவிடலாம்.