ஆறு டெசிபெல்லுக்கு எதற்கு நாற்பது?

கே: பீக்கிங் ஈக்வலைசர் எழுதுகிறேன். டெசிபெல்லை 20-ஆல் வகுப்பதுதானே முறை? ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் சூத்திரத்தில் 40 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

ப: 20 போட்டால்தான் பிழை. அந்த A தொகுதியில் பெருக்குகிறது, பகுதியில் வகுக்கிறது. மைய அதிர்வெண்ணில் இரண்டும் கூட்டு சேர்ந்து A-யின் வர்க்கமாகிவிடும். 20 போட்டால், 6 டெசிபெல் கேட்டவருக்கு 12 கிடைக்கும். தாராளம்தான், ஆனால் ஸ்பீக்கர் தாங்க வேண்டுமே!

கே: அகலத்தை எங்கே அளப்பது? வழக்கம்போல 3 டெசிபெல் இறங்கும் இடத்திலா?

ப: 2 டெசிபெல் மட்டும் ஏற்றும் ஃபில்டரில் 3 டெசிபெல் இறங்க இடம் ஏது? அதனால் இந்தச் சூத்திரத்தில், கேட்ட டெசிபெல்லில் பாதி வரும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளக்கிறோம். 6 கேட்டால், 3 வரும் இடங்கள். ஒரு ஆக்டேவ் அகலத்துக்கு Q ஏறக்குறைய 1.414. வேறு கருவிகள் வேறு இடத்தில் அளக்கும். ஒரே Q வைத்தும் இரண்டு மிக்ஸர்கள் ஒரே மாதிரி ஒலிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

கே: பாடகர் குரல் 1000 ஹெர்ட்ஸில் மூக்கடைத்த மாதிரி கேட்கிறது. சாம்பிள் ரேட் 48000. ஒரு ஆக்டேவ் அகலத்தில் 6 டெசிபெல் குறைக்க வேண்டும். கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன்.

ப: இதோ.

```
A     = 10^(-6/40)         = 0.70795
w0    = 2*pi*1000/48000    = 0.13090
alpha = sin(w0)/(2*1.4142) = 0.04615

b0 = 1+alpha*A  b1 = -2*cos(w0)  b2 = 1-alpha*A
a0 = 1+alpha/A  a1 = -2*cos(w0)  a2 = 1-alpha/A
```

எல்லாவற்றையும் a0-ஆல் வகுங்கள். b0 = 0.96947, b2 = 0.90813, a2 = 0.87761, b1, a1 இரண்டும் -1.86154.

ஒலிக்கவிடும் முன் காகிதத்திலேயே சோதிக்கலாம். b மூன்றின் கூட்டுத்தொகை 0.01606, 1 + a1 + a2 போட்டாலும் கடைசி இலக்கம் தவிர அதே எண்தான். சுழி ஹெர்ட்ஸில் ஃபில்டர் கை வைக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, (b0 - b2)-ஐ (1 - a2)-ஆல் வகுங்கள். 0.501 வரும், அதுதான் 6 டெசிபெல் குறைவு. இரண்டில் ஒன்று இடித்தாலும் காதை நம்பாதீர்கள், கணக்கைப் பாருங்கள்.

கே: எண்களெல்லாம் சரி. ஓடவிட்டால் ஒரு நொடிக்குள் வெடிக்கிறதே!

ப: குறியைப் பாருங்கள்.

```
y = b0*x + b1*x1 + b2*x2 - a1*y1 - a2*y2
```

பழைய வெளியீடுகள் கழிக்கப்பட வேண்டும். சில நிரல் நூலகங்கள் a1, a2 இரண்டையும் குறி மாற்றியே கேட்கும், அங்கே கூட்டல். இரண்டையும் கலந்துவிட்டால் வெளியீடு தன்னையே ஊதிப் பெருக்கிக்கொள்ளும். முதல் சோதனைக்கு ஹெட்போன் மாட்டாதீர்கள்.

கே: அதே எண்களை 44100 கோப்புக்கும் வைத்துக்கொள்ளலாமா?

ப: வைத்துக்கொள்ளலாம், பள்ளம் 918.75 ஹெர்ட்ஸுக்கு நகர்வதில் ஆட்சேபணை இல்லையென்றால்! ஃபில்டருக்கு ஹெர்ட்ஸ் தெரியாது. ஒரு சாம்பிளுக்கு எத்தனை ரேடியன் என்பதுதான் தெரியும். 48000-ஐ நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். கோப்பைத் திறக்கும்போதே அதன் சாம்பிள் ரேட்டை வாங்கி, குணகங்களைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.