மாமியாருக்கு மாப்ள எழுதுன கவிதை

"என்னைப் பெறாத தாயே, என் வாழ்வின் ஒளிவிளக்கே, நடமாடும் தெய்வமே, வாழ்த்த வயதில்லை வணங்குகிறேன்!"

இன்னா கண்ணு இது? மாமியாருக்குப் பொறந்த நாள் வாழ்த்தா, இல்ல ஜி.என்.டி. ரோட்டுல கட்டுற பேனரா? கீழ உன் பேரு, வட்டம், கிளைன்னு போட்டுக் கை கூப்பின போட்டோ ஒண்ணு ஒட்டிட்டா, கவரைப்பேட்டை பாலத்தாண்ட கம்பு நட்டுடலாமே.

குந்து, சொல்றேன். கல்யாணம் ஆயி வருசம் ஒண்ணு கூட ஆவல. தலை தீபாவளிக்குப் போன, பொங்கலுக்குப் போன. அந்தம்மா உன் மொகத்தப் பாத்து நேராப் பேசுனதே கெடையாது. அடுப்பங்கரைல நின்னுகினு, "மாப்ள சாப்டாங்களான்னு கேளு"ன்னு பொண்ணு கிட்டதான் சொல்லுவாங்க. நீயும் "ம், போதுங்க"ன்னுட்டு எலைய மடிச்சுட்டு எழுந்துப்ப. இதுல கொறை ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கத்துல மாமியாரும் மாப்ளையும் அப்படித்தான். வாங்க, போங்க, நடுவுல ஒரு நெலப்படி. அந்த நெலப்படிய ஒரே மெசேஜ்ல தாண்டிப் போயி "தெய்வமே"ன்னு நின்னா அந்தம்மா இன்னா நெனைப்பாங்க? "மாப்ளைக்குத் துட்டு எதுனா தேவைப்படுதா, கேட்டுப் பாரு"ன்னு பொண்ணுக்குப் போன் போடுவாங்க. போட்டா தப்பு சொல்லுவியா?

சரி, என்னைக்குப் பொறந்த நாளு? ஜனவரி 1-ஆ? யாரு சொன்னா? ஆதார்ல பாத்தியா!

அடப் போ கண்ணு. ஆதார் எடுக்க வந்தப்ப பொறந்த தேதிக்குக் காகிதம் இல்லாதவங்க கிட்ட வயசக் கேட்டாங்க. அம்பது இருக்கும், அம்பத்திரண்டு இருக்கும்னு இவங்க சொன்னாங்க. அந்த மிசினு வருசத்தக் கழிச்சு எடுத்து, தேதிக்கு ஜனவரி 1-ன்னு தானே போட்டுக்கிச்சு. 2017-ல ஹரித்வார் பக்கம் கைந்தி கட்டான்னு ஒரு ஊர்ல நூத்துக்கணக்கான பேருக்கு ஆதார்ல இதே ஜனவரி 1 வந்து பேப்பர்ல எல்லாம் போட்டான். அவ்ளோ தூரம் ஏன், நம்ம தெருவுல அறுவது தாண்டின பொம்பளைங்க கார்ட வாங்கிப் பாரு. பாதித் தெரு ஒரே நாள்ல பொறந்திருக்கும். பள்ளிக்கூடம் போனவங்களுக்கும் பெரிய மாத்தம் இல்ல. ஜூன்ல சேக்கறப்ப அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணுமேன்னு வாத்தியாரே மே, ஜூன்ல ஒரு தேதியப் போட்டு வுட்டுடுவாரு.

அந்த ஜனவரி 1-க்கு யாரு யாரு வாழ்த்து சொல்லுவாங்க தெரியுமா? பேங்க்காரன் சொல்லுவான். இன்சூரன்ஸ்காரன் சொல்லுவான். அந்தக் கூட்டத்துல மூணாவது ஆளா நீயும் போயி நிக்கப் போறியா?

அந்தம்மாவுக்கு அவங்க பொறந்த நாளு தெரியும். இங்கிலீசு தேதியா தெரியாது, அவ்ளோதான். உன் பொண்டாட்டிய வுட்டுக் கேளு. நீயே போயி ஜாதகம் கேக்காத, பயந்துடுவாங்க. "பராபவ வருசம், மாசி மாசம், ரோகிணி"ன்னு ஒரு மூச்சுல வரும். இப்ப கணக்குப் போடு. பராபவங்கறது 1966 சித்திரைல பொறந்து 1967 பங்குனியோட முடிஞ்ச வருசம். அதுல மாசின்னா 1967 பிப்ரவரி நடுவுலேந்து மார்ச் நடு வரைக்கும். அறுவது வருசத்துக்கு ஒருக்கா அதே பேரு சுத்தி வரும். 2026 சித்திரைலேந்து 2027 பங்குனி வரைக்கும் மறுபடி பராபவதான். ஆவ, அந்தப் பராபவத்து மாசில ரோகிணி வர்ற அன்னைக்கு உன் மாமியாருக்கு அறுவது முடியுது. பாத்தியா? ஆதார்ல இல்லாத சேதி, ஒத்த வரில வந்துடுச்சு.

நாளக் கண்டுபுடிக்கப் பெரிய சாஸ்திரம் ஒண்ணும் வேணாம். செவுத்துல தொங்குதே தேதி காலண்டர், அதுல தெனமும் அன்னைய நட்சத்திரம் போட்டிருப்பான். மாசி மாசத்துத் தாளப் பொரட்டி ரோகிணி எங்க கீதுன்னு பாரு. நட்சத்திரம் இருபத்தேழு. சுத்தி வர இருபத்தேழு நாளும் கொஞ்சமும் ஆவும். மாசம் அதவிட நீட்டு. அதனால மாசப் பொறப்ப ஒட்டி வந்த நட்சத்திரம் கடைசில இன்னொரு வாட்டி எட்டிப் பாக்கும். அப்படி ரெண்டு வந்தா பின்னால வர்றதத்தான் எடுத்துக்கறது வழக்கம். ஒரு நாள்ல பாதிக்கு மேல நட்சத்திரம் மாறுனா, காலைல இருக்கறதா சாயங்காலம் இருக்கறதான்னு உன் மாமியாரையே முடிவு பண்ண வுடு. அவங்க வூட்டு வழக்கம் அவங்களுக்குத் தெரியும். நட்சத்திரமும் தெரியல, பெத்தவங்களும் எழுதி வெக்கலன்னா? புள்ளைங்க வழக்கமா எந்த நாள்ல பாயசம் வெக்கறாங்களோ அந்த நாளு. நீ புதுசா ஒண்ணு கண்டுபுடிக்காத.

அப்பால, நேரம். ராத்திரி பன்னண்டு மணிக்குக் கரெக்டா போன் போடுவியாமே? உன் கூட்டாளிங்களுக்குப் போடு, சி ஷிப்ட்ல முழிச்சிகினுதான் கெடப்பானுங்க. எங்க வயசுக்காரங்க வூட்ல நடு ராத்திரி போன் அடிச்சா ஒண்ணே ஒண்ணுதான் அர்த்தம். யாரோ போய்ட்டாங்க. அந்தம்மா மாரப் புடிச்சிகினு எழுந்து, கண்ணாடியத் தேடி, போன எடுத்தா... "ஹேப்பி பர்த்டே அத்தை"யா? வெளங்கிடும் போ. காலைல வாசத் தெளிச்சு, காபி குடிச்சு, கொஞ்சம் ஆற அமர குந்துன நேரம் பாத்துச் சொல்லு.

கேக்கு வேற வாங்கினு போறேன்ற. உன் பொண்டாட்டி கிட்ட கேட்டுக்கோ. சக்கரை வியாதி கீதா, அன்னைக்கு வெள்ளிக்கெழமையா, முட்டை போட்டதா? எல்லாம் சரின்னே வெச்சுக்கோ. மெழுவத்தி ஏத்தி ஊதச் சொல்லுவ. பொறந்த நாளு அதுவுமா வெளக்க ஏத்துவாங்களா, வாயால ஊதி அணைப்பாங்களா? உனக்காக ஊதுவாங்க. மனசுக்குள்ள "பகவானே"ன்னு சொல்லிகினு ஊதுவாங்க.

இப்ப எழுத்துக்கு வருவோம். "பெறாத தாயே" அடி. அவங்கள என்னைக்கும் இன்னா கூப்புடுவ? அத்தைன்னுதானே? அப்ப அத்தைதான். ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்கு வூடா இருந்தா அத்தம்மான்னுப்ப. வருசம் பூரா ஒண்ணு கூப்ட்டு, அன்னைக்கு மட்டும் மாத்துனா கேக்கறவங்களுக்குக் கூசும். "நடமாடும் தெய்வம்" அடி. மூட்டு வலில அவங்க நடக்கறதே கஷ்டம். "உங்களுக்காக சிறுவாபுரி முருகனை வேண்டினேன்"னு கடைசில ஒரு வரி கீதே. போனியா? போவலையா? அதையும் அடி. முருகன் கேக்க மாட்டாரு, உன் பொண்டாட்டி கேப்பா.

எல்லாத்தையும் அடிச்சுட்டா மிச்சம் இன்னா கீதுன்னு முழிக்கிற. நான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. அந்தம்மா உனக்குன்னு இன்னா செஞ்சாங்க?

பொங்கலுக்குப் போனப்ப பழவேற்காட்டு எறா வாங்கியாந்து கொழம்பு வெச்சாங்களா? இந்தப் பக்கத்துல எறான்னா கூடக் கத்திரிக்கா போடுவாங்க. உனக்குக் கத்திரிக்கா தின்னா ஒடம்பெல்லாம் அரிக்கும். அன்னைக்குக் கொழம்புல இன்னா கெடந்துச்சு? முருங்கக்கா! யாரு சொல்லி மாத்துனாங்க? நீ சொன்னியா? தீபாவளிக்கு நீ எலையோரமா ஒதுக்கி வெச்சத அந்தம்மா உள்ளேந்து பாத்திருக்காங்க. ஒரு வார்த்த கேக்கல. அடுத்த தபா மாத்திட்டாங்க. நீ பாட்டுக்கு ரெண்டு தட்டு துன்னுட்டு ஏ ஷிப்ட் இருக்குன்னு யூனிட் வண்டி புடிக்க ஓடியாந்துட்ட.

அத எழுதுடா. அத வுட்டுட்டு ஒளிவிளக்காம்.

நான் சொல்றேன், நீ போன்ல அடி. "அத்தை, இன்னைக்கு உங்க நட்சத்திரம்னு வூட்ல சொன்னாங்க. பொங்கலுக்கு எறாக் கொழம்புல கத்திரிக்காய்க்குப் பதிலா முருங்கக்கா போட்டிருந்தீங்க. எனக்காகத்தான்னு அப்பறந்தான் புரிஞ்சது. ரொம்ப நல்லா இருந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும். ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு, ரெண்டு பேரும் வர்றோம்."

இவ்ளோதான். ஒரு சேதி அவங்க செஞ்சது, ஒரு வேண்டுதல், ஒரு நாள் நீ வர்றது. இந்தச் சேதிய வேற யாருக்காவது தூக்கி அனுப்ப முடியுமான்னு பாரு. முடியாது. உன் பேனர் வாசகத்த ஊர்ல எந்த மாமியாருக்கு வேணா அனுப்பலாம், எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்பலாம். கடைசில ஞாயித்துக்கெழமைன்னு போட்டியே, ஓவர்டைம் வந்துச்சு, சூப்பர்வைசர் வுடலன்னு கதை வுடறதா இருந்தா அந்த வரியே வேணாம். போவாத வூட்டுக்கு நாள் குறிக்காத.

குடும்ப குரூப்ல போடட்டுமான்னு கேக்கற. எதுக்கு? உன் சகலை பாத்துட்டு அவன் ஒரு முழ நீளத்துக்குப் போடுவான். அப்பறம் அது அத்தை பொறந்த நாளா இருக்காது, உங்க ரெண்டு பேரு போட்டியா இருக்கும். அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் அமரில்லோன்னு ஒரு ஊர்ல 1934-ல ஒரு பத்திரிகை ஆசிரியர் மாமியாருங்களுக்குன்னே ஒரு நாள ஆரம்பிச்சு வெச்சாராம். அதுக்கு முன்ன மாமியாருங்கள நக்கல் பண்ணி எழுதுனவரும் அவரேதான். பேரன் படிச்சுக் காட்டுனான். நல்ல வேளை, நம்ம பக்கம் அது இன்னும் வரல. வந்தா ஜி.என்.டி. ரோட்டுல கம்பு நட எடம் பத்தாது.

இதே நீ மருமவளா இருந்திருந்தா நான் வேற சொல்லியிருப்பேன். ஒரே வூட்ல இருந்துகினு, படுக்கற ரூம்லேந்து அடுப்பங்கரைக்கு மெசேஜ் போடறா ஒருத்தி, நம்ம தெருவுலயே. எழுந்து போயி, "இன்னைக்கு நான் சமைக்கிறேன், நீங்க சீரியல் பாருங்க"ன்னு சொன்னா போதாதா? சமைச்சுட்டு அத ஸ்டேட்டஸ்ல போடாம இருக்கணும். அதுதான் அவளுக்குக் கஷ்டம்.

அந்த நாளு வந்து அனுப்பிட்டியா? ரெண்டு நீலக் கோடு வந்துடுச்சா? இப்ப போன வெச்சுடு. பதில் வரலன்னு நிமிசத்துக்கு ஒருக்கா நோண்டாத. அந்தம்மா உனக்கு நேரா எழுத மாட்டாங்க. வந்தா ஒரு கும்புடு பொம்ம வரும். மிச்சமெல்லாம் உன் பொண்டாட்டி போனுக்குத்தான் போவும். சாயங்காலம் அவ சிரிச்சிகினே வந்து சொல்லுவா பாரு, "மாப்ளைக்கு வேற இன்னான்னா ஒத்துக்காதுன்னு அம்மா கேக்கறாங்க"ன்னு.

கேட்டா சட்டுனு பட்டியலு நீட்டாத. பாவக்காயோட நிறுத்திக்கோ.