அம்மன் கோயில் அருகில்: கண் முகாமைக் கால்நடையாகச் சென்றடைதல் குறித்த ஓர் ஆய்வு

மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் ஒட்டப்படும் இலவசக் கண் சிகிச்சை முகாம் நோட்டீஸில் நாள், நேரம், நன்கொடையாளரின் போட்டோ ஆகிய மூன்றும் ஐயத்துக்கு இடமின்றி இருக்கும். இடம் மட்டும் 'புதூர், அம்மன் கோயில் அருகில்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இவ்வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நடந்தே முகாமை அடைவது எங்ஙனம் என்பதே நம் ஆய்வுப்பொருள். பைக்கில் செல்வோர் நம் வரம்புக்குள் வாரார். அவர்கள் தப்பான ஊருக்குச் சீக்கிரம் போய்ச் சேர்பவர்கள். அது தனி ஆய்வு.

முதற்கண், புதூர் வேறு, புதூர் விலக்கு வேறு. கண்டக்டர் இறக்கிவிடுவது விலக்கில். ஊர் உள்ளே இருக்கும். மேலப்புதூர், கீழப்புதூர் என இரண்டு இருந்து, நோட்டீஸ் வெறும் புதூர் என்றால், விலக்கு டீக்கடையிலேயே விசாரணையைத் தொடங்குவது உத்தமம். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேட்டையும் பள்ளத்தையும் தேடி அலைவது நகரவாசிகள் வழக்கம். காலை வெயில் முதுகில் அடித்தால் நாம் மேற்கே போகிறோம் என்று அறிக.

அடுத்தது கோயில். கள ஆய்வில் கல்வெட்டுக்கு நிகரான சான்று, பாலத்துத் திண்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்.

"அய்யா, அம்மன் கோயிலுக்கு எப்படிப் போகணும்?"

"எந்த அம்மன் தம்பி? மாரியாத்தாளா, காளியாத்தாளா, முத்தாலம்மனா?"

ஆய்வாளர் இங்கே வாயடைத்துப் போகிறார். நோட்டீஸ் அடித்தவருக்கு அவர் தெரு அம்மன்தான் அம்மன். நோட்டீஸில் அய்யனார் கோயில் என்று இருந்திருந்தால் இத்தனை சங்கடம் இல்லை. அய்யனார் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில், மண்குதிரைகளோடு இருப்பார், தூரத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளையார் கோயில் என்று எழுதுவதோ எழுதாமல் விடுவதற்குச் சமம். முச்சந்திக்கு ஒருவர், அரசமரத்துக்கு ஒருவர் என்று அவர் எங்கும் நிறைந்தவர்.

கேள்வி கேட்கும் முறையும் ஆய்வுக்குரியது. "இதுதானே வழி?" என்று கேட்கலாகாது. வெயிலில் வந்தவரிடம் இல்லை என்று சொல்ல மனம் வராமல் "ஆமா, போங்க" என்பார்கள். "எந்தப் பக்கம்?" என்றே கேட்க வேண்டும். அதற்குச் சொல்ல ஒரு திசை வேண்டும். வெறும் ஆமாம் போட்டுத் தப்ப முடியாது. "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்ற விடையைத் தூரமாகக் கொள்ளாமல் ஆறுதலாகக் கொள்க. அம்மன் பிடிபடாவிட்டால் பள்ளிக்கூடத்தைக் கேட்கலாம். ஊரில் அது பெரும்பாலும் ஒன்றுதான். நிழலும் பெஞ்சும் தண்ணீர்க் குழாயும் உள்ள இடம் என்பதால் முகாமும் பல நேரம் அங்கேதான் நடக்கும்.

ஒலிபெருக்கியை நம்பி நடப்பது ஆபத்து. காற்று அடிக்கும் பக்கம் சத்தம் போகும். போதாக்குறைக்கு அன்று அடுத்த ஊரில் காதுகுத்தாகவும் இருக்கலாம். காதுகுத்து வீட்டில் சோறு கிடைக்கும், கண் பார்க்க மாட்டார்கள்.

ஐயமறத் தெளிவிப்பது எதிரே வரும் மனிதர்களே. கண் பாப்பாவை விரிக்க முகாமில் சொட்டு மருந்து விடுவார்கள். விட்டுக்கொண்டவருக்கு வெளிச்சம் கூசும். ஆகவே துண்டை நெற்றிக்கு மேல் கூரைபோல் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பேரனின் தோளில் கை வைத்து ஒரு பாட்டி வருவாராயின், அவர் வந்த வழியே போக வேண்டிய வழி. இச்சான்றுக்கு ஒரே குறை, முகாம் தொடங்கிச் சற்று நேரம் கழித்தே அது நடமாடத் தொடங்கும். முதல் ஆளாகப் போக நினைப்பவருக்கு உதவாது.

இதிலிருந்து பிறக்கும் கிளை உண்மை ஒன்றுண்டு. திரும்பும்போது நாமும் அந்தப் பாட்டியின் நிலையில்தான் இருப்போம். கிட்டத்து எழுத்து சில மணி நேரம் மங்கலாகவே தெரியும். பெயர்ப்பலகை, பஸ் போர்டு எதையும் நம்ப முடியாது. போகும்போதே வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, திரும்பும் முனை என்று பெரிய அடையாளங்களை மனதில் பதித்துக்கொள்வதும், கூட ஒரு ஆளை அழைத்துப் போவதும் நல்லது.

போய்ச் சேர்ந்த கையோடு ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்ட வேண்டாம். வெயிலில் நடந்து வந்த வேகத்தில் அளவு கூடுதலாகக் காட்டும். குறைந்தது 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, பேச்சு கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வழி சொன்னவர்களின் மேல் உள்ள கோபத்துக்கு மாத்திரை எழுதி வாங்கியதாக ஆகிவிடக் கூடாது.

நோட்டீஸ் அடிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: நன்கொடையாளரின் போட்டோவை ஒரு விரற்கடை சுருக்கி, எந்த அம்மன், எந்த விலக்கில் இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றையும் அந்த இடத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். வரப்போவது கண் தெரியாதவர்கள்.